"காபி மட்டும்தான் குடித்தேன்": எண்டோஸ்கோபிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். காலையில் என் முதல் வேலை, வந்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது. 62 வயதுப் பெரியவர் ஒருவரோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். ஏறக்குறைய இதே பேச்சு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கிறது.

"ஐயா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, வெறும் வயிறுதான்."

"தண்ணி?"

"ஒரு வாய்கூடக் குடிக்கல."

"காபி, டீ?"

"காபி மட்டும்தான். அரை டம்ளர். ஆறேகால் இருக்கும்."

அவர் எதையும் மறைக்கவில்லை. நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. ஆனால் 9.30 மணிக்கு நடக்க வேண்டிய பரிசோதனை அந்த அரை டம்ளரால் 12.30க்குத் தள்ளிப்போனது. ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மகன் முழு நாளும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இவர்களிடம் முதல் நாளே யாராவது காரணத்தோடு சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா விதிக்கும் ஒரே காரணம்

வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைக் கேமராவில் பார்ப்பதுதான் மேல் எண்டோஸ்கோபி. குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும்.

நம் தொண்டையில் சோறு போகும் வழியும் மூச்சு போகும் வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு பருக்கை வழி தவறினாலும் உடனே புரையேறும், இருமி வெளியே தள்ளிவிடுவோம். புரையேறுவதை நாம் தொந்தரவாக நினைக்கிறோம், உண்மையில் அது நுரையீரலுக்குக் காவல். எண்டோஸ்கோபிக்காகத் தொண்டையை மரத்துப்போக வைக்கும்போது அந்தக் காவல் தூங்கிவிடுகிறது. மயக்க ஊசியும் போட்டால் இன்னும் ஆழ்ந்து தூங்குகிறது. அந்த நேரத்தில் வயிற்றில் உள்ளது மேலே எதுக்களித்தால், இருமல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இரைப்பையின் அமிலம் கலந்த உணவு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம்.

வெறும் வயிறாக வரச் சொல்வதும், முடிந்த பிறகு ஒரு மணி நேரம் தண்ணீர்கூடத் தராமல் உட்கார வைப்பதும் இதனால்தான். வயிற்றில் உணவு இருந்தால் டாக்டருக்குப் புண் தெரியாது, அதனால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும் என்பது அடுத்த காரணம்.

முந்தின இரவும் அந்தக் காலையும்

காலைப் பரிசோதனை என்றால் முந்தின இரவு எட்டு, எட்டரைக்குள் எளிதான சாப்பாடு சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போதும். லேசான உணவு வயிற்றைவிட்டு இறங்க ஆறு மணி நேரம் வேண்டும். பிரியாணி, பரோட்டா, பொரித்தது என்றால் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். குடிக்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தாலும் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் பால் காபி, பால் டீ, ஹார்லிக்ஸ், மோர், சத்துமாவுக் கஞ்சி எல்லாவற்றுக்கும் திட உணவுக்கான அதே ஆறு மணி நேரம்தான். ஆறேகாலுக்குக் காபி குடித்த பெரியவருக்கு டாக்டர் 12.30 என்று நேரம் குறித்தது இந்தக் கணக்கில்தான்.

வெறும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். பொதுவாகப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை கொஞ்சமாகக் குடிக்கலாம். சில ஆஸ்பத்திரிகளில் நள்ளிரவுக்கு மேல் எதுவுமே கூடாது என்பார்கள். உங்களுக்குக் கொடுத்த சீட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ, அதன்படி செய்யுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை, சூயிங்கம், சிகரெட் எதுவும் அன்று காலை வேண்டாம்.

சாப்பாடு வயிற்றில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கும் ஆட்களும் உண்டு. பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், விழுங்கிய உணவு நெஞ்சிலேயே நிற்கிறது என்பவர்கள், நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியில் வருகிறது என்பவர்கள், எடையோ சர்க்கரையோ குறைய செமக்ளூடைட் போன்ற மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆறு மணி நேரம் போதாமல் போகலாம். தேதி வாங்கும்போதே இதைச் சொன்னால் கூடுதல் நேரம் சொல்வார்கள். தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் எங்களை உண்மையில் கவலைப்பட வைக்கிறது.

மாத்திரைகளை என்ன செய்வது

பிரஷர் மாத்திரை, இருதய மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றைப் பெரும்பாலும் அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வோம்.

சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வராதீர்கள். உணவு இல்லாமல் மருந்து மட்டும் போனால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம். மாத்திரையைப் பையில் எடுத்து வந்து, சாப்பிட ஆரம்பித்த பிறகு டாக்டர் சொல்லும் நேரத்தில் போடுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் தாங்களாக முழுதும் நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவு போட்டுக்கொள்ளவும் கூடாது. எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்பது நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று எதுவானாலும், "எண்டோஸ்கோபிதானே, ரத்தம் வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு வருகிறார்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். வெறுமனே பார்ப்பதற்கும் சிறு சதைத் துணுக்கு எடுப்பதற்கும் பல நேரம் இவற்றை நிறுத்தவே தேவையில்லை. கட்டியை அகற்றுவது போன்ற சிகிச்சை என்றால் நிறுத்த வேண்டியிருக்கும். முடிவு எண்டோஸ்கோபி டாக்டரும் இருதய டாக்டரும் பேசி எடுக்க வேண்டியது.

நம் பெரியவர் ஒரு காரியம் சரியாகச் செய்திருந்தார். பிரஷர் மாத்திரையை ஆறேகாலுக்குப் போட்டிருந்தார் (காபியில்தான்!), சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 142, பதினோரு மணிக்கு 118. அதனால் கவலையில்லாமல் காத்திருக்க முடிந்தது. 70க்குக் கீழே இறங்கியிருந்தால் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். காத்திருக்கும்போது தலை சுற்றினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ பொறுத்துக்கொண்டு உட்காராமல் உடனே கூப்பிடுங்கள்.

தொண்டைக்கு ஸ்பிரே

உள்ளே கூப்பிட்டதும் பல் செட்டையும் கண்ணாடியையும் கழற்றச் சொல்வோம். ஆடும் பல் இருந்தால் காட்டுங்கள். விரலில் மாட்டும் கருவி ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை வெளிச்சம் வைத்துப் பார்க்கிறது, அதனால் ஒரு விரலிலாவது நகப்பூச்சு இல்லாமல் வாருங்கள்.

மரத்துப்போகும் மருந்தின் பெயர் லிக்னோகெய்ன். பல் டாக்டர் ஈறில் போடும் ஊசியிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதனால் நான் கேட்பது, "பல் பிடுங்கினப்போ ஊசி போட்டாங்களே, அப்போ ஏதாவது ஒத்துக்காம போச்சா?" என்றுதான். 'அலர்ஜி உண்டா' என்று கேட்டால் இல்லை என்பவர்கள்கூட, இப்படிக் கேட்டால் யோசித்து, "முகம் வீங்கிப்போச்சு" என்று சொன்னதுண்டு.

வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" என்று சொல்லும்போது தொண்டையின் பின்பக்கம் சில முறை அடிப்போம். ஒவ்வொரு அடிப்பிலும் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் அடியுங்கள் என்று கேட்காதீர்கள், அளவுக்கு மேல் போகக்கூடாது. வேப்பிலையைக் கடித்தது மாதிரிக் கசக்கும், கண்ணில் நீர் வரும், அந்த மருந்தை விழுங்கிவிடலாம். சில இடங்களில் ஸ்பிரேக்குப் பதில் கொழகொழப்பான மருந்தைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் சொல்வார்கள்.

இரண்டு நிமிடத்தில் நாக்கு தடிக்கும், தொண்டையில் பெரிய உருண்டை நிற்பது போலிருக்கும். முக்கால்வாசிப் பேர் பயப்படுவது இந்த இடத்தில்தான். "விழுங்க முடியல, மூச்சு அடைக்குது" என்பார்கள். விழுங்கும் தசை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். விழுங்கியது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மூச்சும் நிற்கவில்லை. மூக்கு வழியாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள், காற்று தாராளமாக உள்ளே போகும். நோயாளியின் கையை அவர் மூக்குக்குக் கீழே வைத்துக் காற்று வருவதை உணரச் சொல்வேன். அதற்குப் பிறகு பலர் அடங்கிவிடுவார்கள்.

மயக்க ஊசி வேண்டுமா

நிறையப் பேருக்கு ஸ்பிரே மட்டும் போதும். தொண்டையைத் தாண்டும் சில விநாடிகள் ஓங்கரிப்பு வரும், அப்புறம் வயிறு உப்பிய உணர்வு மட்டும்தான். தனியாக வந்தவர்களுக்கும், அன்றே வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கும் இதுதான் வசதி.

பதற்றம் அதிகமாக இருந்தால் மிடசோலம் என்ற ஊசியைக் கை நரம்பில் குத்திய வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. இது ஆபரேஷன் மயக்கம் மாதிரி இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், ஆனால் பிறகு நினைவிருக்காது. முழுதாகத் தூங்க வைக்கும் புரோபஃபால் வேறு, அதற்கு மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருப்பார்.

ஊசிக்குச் சம்மதிக்கும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்றுபோகிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? தினமும் தூக்க மாத்திரையோ மதுவோ உண்டா? ஆஸ்துமா, நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருக்கிறதா? இவையெல்லாம் மருந்தின் அளவை மாற்றும். குறட்டைக் கேள்விக்கு நோயாளியைவிடக் கூட வந்த மனைவியின் பதில்தான் சரியாக இருக்கும்.

ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத் துணைக்கு வயதுவந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். இறக்கிவிட்டுப் போகிறவராக இல்லாமல், கூடவே இருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறவராக இருக்க வேண்டும்.

உள்ளே அந்தப் பத்து நிமிடம்

இடது பக்கமாகப் படுக்க வேண்டும், பற்களுக்கு நடுவே ஒரு வளையம் வைப்போம். குழாய் இறங்கும்போது செய்ய வேண்டியவை இரண்டுதான்: மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது, எச்சிலை விழுங்காமல் கடைவாய் வழியாகத் துண்டில் வழிய விடுவது. எச்சில் வழிவதற்குக் கூச்சப்பட்டு விழுங்கினால்தான் அந்த மரத்த தொண்டையில் புரையேறும். துண்டு அதற்காகத்தான் போட்டிருக்கிறோம். சதைத் துணுக்கு எடுத்தால் வலி தெரியாது.

பெரியவருக்கு 12.35க்கு ஸ்பிரே, ஒரு மில்லிகிராம் மிடசோலம். 12.50க்குக் குழாயை வெளியே எடுத்தாயிற்று. இரைப்பையின் அடிப்பகுதியில் சிறிய புண் இருந்தது, அதற்குக் காரணமான கிருமி உண்டா என்று பார்க்க இரண்டு துணுக்கு எடுத்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

ஸ்பிரே அடித்த நேரத்தைக் கேட்டு, கூட வந்தவர் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மரப்பு விலகப் பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தண்ணீர்கூட வேண்டாம். எனக்குப் பெரிய பயம் இந்த நேரத்தில்தான். காலையிலிருந்து பட்டினி கிடந்த அப்பாவைப் பார்த்து மனசு கேட்காமல், மகன் கேன்டீனிலிருந்து சூடாகக் காபி வாங்கி வருவார். தொண்டையின் காவல் இன்னும் எழுந்திருக்காது, சூடும் நாக்குக்குத் தெரியாது. புரையும் ஏறும், வாயும் வெந்துபோகும்.

நேரம் ஆனதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறின தண்ணீர் ஒரு டீஸ்பூன் மட்டும் விழுங்கிப் பாருங்கள். இருமல் வரவில்லை, தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிகிறது என்றால் இன்னொரு ஸ்பூன். இரண்டு நிமிடம் விட்டு ஒரு மடக்கு. இருமினால் நிறுத்திவிட்டு இன்னும் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி ஸ்பூனிலிருந்தே தொடங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குப் படுக்க வைத்து எதையும் ஊட்டாதீர்கள். முதல் சாப்பாடு இளஞ்சூட்டில் குழைந்த தயிர் சாதமோ ஊறிய இட்லியோ இருக்கட்டும்.

பெரியவர் 1.40க்கு முதல் ஸ்பூனில் லேசாக இருமினார். இரண்டுக்கு மறுபடி கொடுத்தோம், சுகமாக இறங்கியது. இடையில் டாக்டர் வந்து புண்ணைப் பற்றி அவரிடமே விளக்கிச் சொன்னார், அவரும் தலையாட்டிக் கேட்டார். கால் மணி கழித்து என்னிடம், "டாக்டர் வந்து ஏதாவது சொன்னாராம்மா?" என்றார். மிடசோலம் செய்யும் வேலை இது. அதனால் முடிவைக் கூட இருப்பவர் கேட்க வேண்டும், மாத்திரை விவரத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

மயக்க ஊசி போட்டவரை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஓட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், பின்னால் உட்கார்ந்து தூங்கி விழுந்துவிடலாம் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஆட்டோவோ காரோ எடுங்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பது, ஏணி ஏறுவது, கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, மது ஆகியவை வேண்டாம். தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் நிதானம் முழுதாகத் திரும்பியிருக்காது. ஸ்பிரே மட்டும் போட்டவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

அன்று முழுதும் ஏப்பமும் வயிற்று உப்புசமும் இருக்கும். பார்ப்பதற்காக உள்ளே செலுத்திய காற்றுதான் அது, எழுந்து நடந்தால் வெளியேறிவிடும். தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும், மரப்பு போன பிறகு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். வலி என்றால் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரைப்பைப் புண்ணை மோசமாக்கும். துணுக்கு எடுத்திருந்தால் எச்சிலில் ஒரு முறை ரத்தக் கோடு தெரிவது சகஜம்.

உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகள்

குழாயால் ஓட்டை விழுவதோ பெரிதாக ரத்தம் கசிவதோ மிக அபூர்வம். ஆனால் நடந்தால் நேரம் கடத்தக்கூடாது. கழுத்து, நெஞ்சு அல்லது வயிற்றில் ஏப்பம் விட்டும் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வலி ஒன்று. கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று இருப்பது இன்னொன்று, தோலுக்கடியில் காற்று கசிந்ததன் அடையாளம் அது. ரத்த வாந்தி, காபித்தூள் மாதிரி வாந்தி, மரப்பு விலகிய பிறகும் எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவையும் அவசரம்தான்.

கறுப்பு மலத்தைப் பற்றித்தான் அதிகம் போன் வருகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் வழக்கம்போல் கெட்டியாக இருக்கும். ரத்தம் கசிந்து வரும் மலம் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு வரும். கூடவே தலை சுற்றலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

புரையேறியதன் விளைவு அன்றே தெரியாமல் போகலாம். ஓரிரு நாளில் காய்ச்சல், புதிதாக இருமல், மூச்சிரைப்பு வந்தால் சளி என்று நினைத்துக் கஷாயம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 108க்குக் கூப்பிடலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எண்டோஸ்கோபி செய்த தேதியை முதலில் சொல்லி, ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். துணுக்கின் முடிவு வர சில நாட்கள் ஆகும். எந்தத் தேதியில், யாரிடம் வாங்க வேண்டும் என்பதைக் கிளம்பும்போதே அந்த ரிப்போர்ட்டின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.